640 பேர் சேமித்தார்கள், ஒருவர் சேர்ந்தார்

புனேயில் வாகட் பக்கம் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஹால் வாடகை, டீச்சருக்குச் சம்பளம், புத்தகம் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 24 பிள்ளைகள் இருந்தால்தான் வண்டி ஓடும். 2025 கோடையில் தொடர்வதாகச் சொன்ன பிள்ளைகள் 11 பேர். புதிதாக 13 பேராவது வராவிட்டால் ஜூனில் ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நான் பேங்க்காரன் என்பதால் பொருளாளர் வேலை என் தலையில். ஆகவே இந்தக் கணக்கும் என் தலையில்.

ஆள் சேர்ப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம்தான். குழுவில் ஐடி கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி அழகாக கரோசல் செய்வார். கரோசல் என்றால் தெரியும்தானே, ஒரே பதிவில் பல படங்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. 2025 ஏப்ரல் 12 அன்று "பாட்டி சொன்ன பத்து பழமொழி" என்று ஒன்று போட்டார். பிய்த்துக்கொண்டு போனது. 11,400 பேரிடம் போய்ச் சேர்ந்தது, 640 பேர் சேமித்து வைத்தார்கள், 510 பேர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

"சார், 640 சேவ்! இதே மாதிரி வாரம் ரெண்டு போடலாம், டிசைனருக்கு மாசம் ஐயாயிரம் கொடுத்துடலாம்" என்றார் தம்பி.

"ஐயாயிரத்துக்கு ஒரு மாச ஹால் வாடகையே வந்துடுமே தம்பி. அந்த 640 பேர்ல எத்தனை பேர் பிள்ளையைச் சேர்த்தாங்க?" என்று கேட்டார் வகுப்பு எடுக்கும் அக்கா.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால், படத்தைப் பார்த்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று தெரிய வேண்டும். அதை எப்படிப் பார்த்தோம், வந்த எண்களை எப்படிப் படித்தோம் என்பதுதான் இங்கே சொல்லப் போவது. பஜன் மண்டலி, பாட்டு கிளாஸ், வீட்டுப் பொடி வியாபாரம் என்று நம்மவர்களில் பலர் இன்ஸ்டாகிராமை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கரோசலுக்குக் கீழே எழுதும் வரிகளில் இணைப்பு கொடுத்தால் அது வெறும் எழுத்துதான், தொட்டால் திறக்காது. ஆகவே பார்த்தவர் நம் பெயரைத் தொட்டு ப்ரொஃபைலுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் இணைப்பைத் தொட வேண்டும். பிறகு நம் தளத்துப் பக்கம் திறக்க வேண்டும், விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், கடைசியாகப் பணம் கட்ட வேண்டும். பார்ப்பதற்கும் பணத்துக்கும் நடுவே இத்தனை படிகள். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள். எந்தப் படியில் அதிகம் உதிர்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

ப்ரொஃபைல் வரைக்கும் நடப்பதை இன்ஸ்டாகிராமே காட்டிவிடும். கணக்கை ப்ரொஃபெஷனல் கணக்காக மாற்றியிருந்தால், ஒவ்வொரு பதிவின் `Insights` பகுதியிலும் அந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் ப்ரொஃபைலுக்கு வந்தார்கள், எத்தனை பேர் பின்தொடர ஆரம்பித்தார்கள், எத்தனை முறை இணைப்பைத் தொட்டார்கள் என்று இருக்கும். இணைப்பைத் தொட்ட பிறகு இன்ஸ்டாகிராமுக்குக் கண் தெரியாது. அங்கிருந்து நம் தளத்தில் இருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் வந்தவர் எந்தக் கரோசலைப் பார்த்துவிட்டு வந்தார் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் இணைப்பின் வாலில் ஒரு சீட்டு ஒட்டுகிறோம்.

```
https://example.org/class?utm_source=instagram&utm_medium=social&utm_campaign=june2025&utm_content=c1
```

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது நம் பக்கத்தின் முகவரி. (இங்கே உதாரணத்துக்கு ஒன்று போட்டிருக்கிறேன்.) கேள்விக்குறிக்குப் பிறகு வருவதெல்லாம் சீட்டு. எந்த இடத்திலிருந்து, எந்த வகை வழியில், எந்தக் காரியத்துக்காக, எந்தப் பதிவு என்று நாலு விவரம். `c1` என்பது பழமொழிக் கரோசல். பக்கம் திறப்பதில் இந்த வாலால் ஒரு மாற்றமும் வராது.

இரண்டு எச்சரிக்கை. எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். `Instagram` என்று ஒரு தடவையும் `instagram` என்று ஒரு தடவையும் எழுதினால் அனலிட்டிக்ஸ் அவற்றை இரண்டு ஊராக நினைத்து இரண்டு வரியில் காட்டும். அடுத்தது, ப்ரொஃபைலில் இணைப்பைப் போட்டவுடன் நம் போனிலிருந்தே ஒரு முறை தொட்டுப் பார்த்து, திறந்த பக்கத்தின் முகவரியில் வால் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில தளங்கள் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குத் திருப்பி விடும்போது வாலை வெட்டிவிடும். அப்போது வந்தவர் எல்லோரும் சீட்டு இல்லாமல் போய்ச் சேருவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. இப்படிச் சோதனை பார்த்த நம் சொந்தத் தொடுதல்களைப் பிறகு கழித்துக்கொள்ளவும் வேண்டும். நூறு இருநூறு எண்களில் நம்முடைய பத்து பெரிய விஷயம்.

விண்ணப்பத்திலும் தம்பி ஒரு வேலை செய்தார். எங்கள் விண்ணப்பம் அந்த வகுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, வாலில் இருப்பதை அதில் விழும்படி செய்துவிட்டார்.

```
const p = new URLSearchParams(location.search);
document.getElementById("from").value =
  p.get("utm_content") || "none";
```

இதனால் ஒவ்வொரு விண்ணப்பமும் தன் சீட்டோடு எங்கள் ஷீட்டில் வந்து உட்காரும். சீட்டு இல்லாமல் வந்தவருக்கு `none`. இது எதற்கு என்றால், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் வருகை பெரும்பாலும் அனலிட்டிக்ஸில் விழாது. எங்களுக்கு ஷீட்டில் 21 விண்ணப்பம் வந்தபோது அனலிட்டிக்ஸ் 19 என்றது. பேங்க் பாஷையில் சொன்னால் ஷீட்தான் லெட்ஜர், அனலிட்டிக்ஸ் கைக்குறிப்பு. விண்ணப்பத்தின் கடைசியில் சாதாரணமாக ஒரு கேள்வியும் வைத்தோம்: "எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது?" இந்த ஒரு வரி எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏப்ரல் 12-இல் பழமொழி. 26-இல் இரண்டாவது, "ஊருக்குப் போனால் பிள்ளை பேச வேண்டிய 12 வாக்கியம்". மே 10-இல் மூன்றாவது, "வகுப்பில் முதல் மாதம் என்ன நடக்கும்". இதில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. நேரம், கட்டணம், டீச்சர் யார், வீட்டுப்பாடம் உண்டா, தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளையை எங்கே உட்கார வைப்போம், அவ்வளவுதான். ஒவ்வொன்று போடும்போதும் ப்ரொஃபைல் இணைப்பின் வாலை `c1`, `c2`, `c3` என்று மாற்றினோம். இரண்டு இரண்டு வாரம். அனலிட்டிக்ஸில் விவரம் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் மே 24 வரை விட்டு, 27 அன்று உட்கார்ந்து எடுத்தேன். `Traffic acquisition` அறிக்கையில் இரண்டாவது பத்தியாக `Session manual ad content` என்பதைச் சேர்த்தால் `c1`, `c2`, `c3` தனித்தனி வரியாக வரும்.

பழமொழி: 11,400 பேரைச் சேர்ந்தது, ப்ரொஃபைலுக்கு வந்தவர் 212, இணைப்பைத் தொட்டது 31, தளத்தில் வருகை 24, விண்ணப்பம் 1.

12 வாக்கியம்: 3,900 பேர், ப்ரொஃபைல் 188, தொட்டது 46, வருகை 63, விண்ணப்பம் 5.

முதல் மாதம்: 1,250 பேர், ப்ரொஃபைல் 96, தொட்டது 58, வருகை 49, விண்ணப்பம் 9.

சீட்டு இல்லாமல் வந்த விண்ணப்பம் 6. ஆக மொத்தம் 21.

இதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரே குரல், "பழமொழி தண்டம், மூணாவதுதான் பெஸ்ட். இனி அதையே போடலாம்". எண்ணை மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பழமொழியில் ப்ரொஃபைலுக்கு வந்த ஏழு பேரில் ஒருவர்தான் இணைப்பைத் தொட்டார். மூன்றாவதில் பத்துக்கு ஆறு பேர் தொட்டார்கள். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் மூன்று இடத்தில் எனக்கு உறுத்தியது.

முதல் உறுத்தல், இரண்டாவது கரோசலில். இணைப்பைத் தொட்டது 46 முறை, வருகை மட்டும் எப்படி 63? வழக்கமாகத் தொடுவதைவிட வருகை குறைவாகத்தான் இருக்கும். தொட்டுவிட்டுப் பக்கம் திறப்பதற்குள் மூடிவிடுபவர்கள், நெட் மெதுவாக இருப்பவர்கள், தடுப்பான் வைத்திருப்பவர்கள் என்று கொஞ்சம் கழியும். பழமொழியில் 31-க்கு 24, மூன்றாவதில் 58-க்கு 49, அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது. அந்தக் கணக்கில் இரண்டாவதற்கு 37 வந்தால் சரி. மிச்சம் இருபத்தாறு எங்கிருந்து வந்தது? நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே செவ்வாய்க்கிழமை இரவில் 21 வருகை. அன்று இன்ஸ்டாகிராமில் தொட்டது இரண்டே முறை. யாரோ ஒரு புண்ணியவதி பக்கத்தைத் திறந்து, முகவரியை வாலோடு நகல் எடுத்து அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து வந்தவர்கள் எல்லோர் சட்டையிலும் `instagram`, `c2` என்ற சீட்டு! விண்ணப்பத்தில் "எப்படித் தெரிந்தது" என்ற கேள்விக்கு ஐந்தில் இரண்டு பேர் "எங்க அபார்ட்மெண்ட் குரூப்" என்று எழுதியிருந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. வருகை தொடுதலைத் தாண்டினால் இணைப்பு கை மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பக்கத்திலேயே ஒரு வாட்ஸாப் பொத்தான் வைத்து, அதன் இணைப்புக்கு `utm_source=whatsapp` என்று தனிச் சீட்டு கொடுத்தோம்.

இரண்டாவது உறுத்தல், சேமித்து வைத்த அந்த 640 பேர். சேமிப்பவர் உடனே வருபவர் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்ப்பார், அப்போது ப்ரொஃபைலுக்கு வருவார். ஆனால் அங்கே இணைப்பின் வால் `c2` ஆகியிருக்கும், அல்லது `c3`. பழமொழியைப் பார்த்து வந்தவர் அடுத்த கரோசலின் கணக்கில் ஏறிவிடுவார். இதை அனலிட்டிக்ஸில் எந்த மூலையில் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. விண்ணப்பத்துக் கேள்விதான் காட்டிக் கொடுத்தது. `c3` சீட்டோடு வந்த ஒன்பதில் நாலு பேர் "பழமொழி போட்டிருந்தீங்களே, அப்போதிலிருந்து ஃபாலோ பண்றோம்" என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். இன்ஸ்டாகிராமும் அதற்கு ஒத்துப்போனது. பழமொழியைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி எங்களைப் பின்தொடராதவர்கள், அதன் மூலம் 96 பேர் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்தார்கள். மூன்றாவதைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே பின்தொடர்பவர்கள். பழமொழி கூட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார வைத்த ஆட்களைத்தான் மூன்றாவது உள்ளே அழைத்திருக்கிறது. திண்ணையே வேண்டாம் என்று இடித்துவிட்டால் அழைப்பதற்கு ஆள் இருக்காது.

சீட்டு இல்லாத அந்த ஆறு பேரும் இதே ரகம்தான். இன்ஸ்டாகிராமில் இணைப்பைத் தொட்டால் பக்கம் அதற்குள்ளேயே இருக்கும் உலாவியில் திறக்கும். அங்கே பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் முகவரியைத் தட்டி வருபவர் அனலிட்டிக்ஸுக்குப் புது ஆள், `direct`. ஆறில் மூன்று பேர் "இன்ஸ்டாகிராம்" என்றே எழுதியிருந்தார்கள்.

பாஸ்புக்கில் நரேஷன் என்று ஒரு பத்தி உண்டு. பணம் எந்த வழியில் வந்தது என்று அது சொல்லும், NEFT-ஆ UPI-ஆ காசோலையா என்று. மாமனார் எதற்காகப் பணம் அனுப்பினார் என்று அது சொல்லாது. இந்தச் சீட்டும் அதே ஜாதி. ஆள் கடைசியாக நுழைந்த வாசலைத்தான் அது எழுதிவைக்கும். அவரைக் கிளப்பிவிட்டது எது என்பது அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது உறுத்தல், எண்கள் மிகவும் சிறியவை. 49 வருகைக்கு 9, 63 வருகைக்கு 5 என்றால் நூற்றுக்குப் பதினெட்டும் எட்டும். கேட்க இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் இரண்டு வீட்டு ஆட்களை இந்த வரியிலிருந்து எடுத்து அந்த வரியில் போட்டுப் பாருங்கள். 49-க்கு 7, 63-க்கு 7. பதினாலும் பதினொன்றும் ஆகி வித்தியாசம் காணாமல் போகிறது. இரண்டு குடும்பம் இடம் மாறினால் கவிழ்ந்துவிடுகிற முடிவை முடிவு என்று சொல்லக் கூடாது. அதே சோதனையை ப்ரொஃபைலிலிருந்து தொடும் படியில் செய்து பார்த்தால், 212-க்கு 31, 96-க்கு 58 என்பது ஐந்தாறு பேரை மாற்றினாலும் அசையவில்லை. அது நிஜ வித்தியாசம். ஆக, எண்கள் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான்: வகுப்பைப் பற்றி நேரடியாகப் பேசும் கரோசலைப் பார்த்து வருபவர், இணைப்பைத் தொடும் எண்ணத்தோடுதான் ப்ரொஃபைலுக்கே வருகிறார்.

இன்னும் ஒரு படி பாக்கி. விண்ணப்பம் போட்டவர் எல்லோரும் பணம் கட்டுவதில்லை. ஒரு சனிக்கிழமை இலவசமாக உட்காரவைத்துப் பார்ப்போம், பிறகுதான் கட்டணம். ஷீட்டில் சீட்டு இருந்ததால் கட்டணப் பட்டியலை அதோடு ஒட்டிப் பார்க்க முடிந்தது. பழமொழியில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதில் ஐந்துக்கு நாலு. மூன்றாவதில் ஒன்பதுக்கு ஐந்து. சீட்டு இல்லாததில் ஆறுக்கு நாலு. இந்தப் படியில் இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டன. விண்ணப்பத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால் மூன்றாவது இரண்டு மடங்கு உசத்தி என்று நம்பிக்கொண்டு இருந்திருப்போம்.

கூட்டத்தில் கடைசியில் எடுத்த முடிவுகள் இவை. டிசைனருக்கு மாதம் ஐயாயிரம் வேண்டாம். பழமொழி மாதிரி ஒன்று மாதம் ஒரு முறை மட்டும், தம்பி கையாலேயே. அதன் கடைசிப் படத்தில் வகுப்பைப் பற்றி இரண்டு வரி கட்டாயம், ஏனென்றால் பழைய பழமொழிக் கரோசலில் எங்களுக்கு வகுப்பு உண்டு என்ற சேதியே கிடையாது. மூன்றாவது கரோசலை ப்ரொஃபைலின் உச்சியில் குத்தி வைத்துவிட்டோம், வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். ப்ரொஃபைலில் ஐந்து இணைப்பு வரை வைக்க இடம் உண்டு என்பதால், வாலை மாற்றிக்கொண்டே இருக்காமல் கரோசலுக்கு ஒன்றாகப் பெயர் போட்டு வைத்திருக்கிறோம். முதல் இணைப்புதான் நேராகக் கண்ணில் படும், மற்றவற்றைப் பார்க்க இன்னொரு முறை தொட வேண்டும். ஆகவே முதலாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழும், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். சீட்டில் யார் பெயரும் போன் நம்பரும் எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தோம். அது முகவரியோடு ஊர் சுற்றும் விஷயம், கூகுளும் அதை அனுமதிப்பதில்லை.

அக்கா கேட்டது 640 பேரில் எத்தனை பேர் என்று. சீட்டுப்படி ஒருவர். விண்ணப்பத்தில் எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வீடு வரை அந்தப் பழமொழி போயிருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்ப பாட்டி வீண் போகலை" என்றார். புதிதாகப் பணம் கட்டியவர்கள் 14, பழையவர்கள் 11, மொத்தம் 25. தேவைக்கு ஒன்று அதிகம். ஜூன் முதல் தேதிக்கு ஹால் வாடகையை அனுப்பி, நரேஷனில் "தமிழ் வகுப்பு" என்று எழுதினேன்.